அல்லாஹ் இருக்கிறான் என்பதற்கான 'இம்கான்' வாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அகீதா பாடம் நடக்கும்போதும், பாடம் முடிந்து வாசலில் நின்று பேசும்போதும் என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பின்னால் வரும் கேள்விகள் முன்னால் வந்த பதில்களை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

இந்த வாதம் என்னதான் சொல்லுது? சுருக்கமா சொல்லுங்க.

நம்மைச் சுற்றியுள்ள பொருள்கள் இருக்கின்றன. ஆனால் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. அவை இல்லாமல் போயிருந்தாலும் எந்த முரண்பாடும் வந்திருக்காது. அப்படிப்பட்ட ஒன்று இருக்கிறது என்றால், இல்லாமையின் பக்கம் கிடக்காமல் இருப்பின் பக்கம் அதைச் சாய்த்தது ஏதோ இருக்க வேண்டும். சாய்த்ததும் அதே வகைப் பொருளாக இருந்தால், அதைச் சாய்த்தது எது என்ற கேள்வி மறுபடி வரும். ஆகவே தன் இருப்புக்கு வேறு எதையும் நாடாத, இல்லாமல் இருக்கவே முடியாத ஒன்று இருந்தாக வேண்டும்.

வாதம் இவ்வளவுதான். கீழே வருவதெல்லாம் இந்தச் சில வரிகளில் ஒவ்வொன்றும் தாங்குமா என்று பார்ப்பதே.

மும்கின், வாஜிப்னு சொல்றாங்களே, தொழுகை வாஜிப்னு சொல்ற அந்த வாஜிபா?

இல்லை. அது ஷரீஅத்தின் சட்டம். இங்கே பேசுவது அறிவின் தீர்ப்பை. ஒன்றின் இருப்பை அறிவு மூன்று விதமாகப் பார்க்கும். இருக்கவே முடியாதது ஒன்று: சதுரமான வட்டம் போல. இருக்கவும் கூடும், இல்லாமல் போகவும் கூடும் என்பது இன்னொன்று: நீங்கள், நான், இமயமலை, சூரியன். இதுதான் மும்கின், இப்படி இருக்கும் தன்மைக்குப் பெயர்தான் இம்கான். இல்லாமல் இருக்கவே முடியாதது மூன்றாவது. அது வாஜிபுல் வுஜூத்.

மும்கின் என்றால் "இனிமேல் வரக்கூடியது" என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இப்போது கண்முன் இருக்கும் மலையும் மும்கின்தான். அது இருப்பது உண்மை, ஆனால் அந்த இருப்பு அதன் இயல்பிலிருந்து வந்ததல்ல. வாதத்தின் உயிரே இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

உலகத்துக்கு ஒரு தொடக்கம் இருக்குன்னு நிரூபிக்கிறதுதானே இது?

அது வேறு வாதம். அதை ஹுதூஸ் வாதம் என்பார்கள்: உலகம் இல்லாமல் இருந்து பிறகு உண்டானது, உண்டான ஒவ்வொன்றுக்கும் உண்டாக்கியவன் வேண்டும். அகீதாவை அறிவு வாதங்களால் நிறுவும் கலாம் கலையின் ஆரம்பகால அறிஞர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போனார்கள். அதில் உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை முதலில் நிறுவியாக வேண்டும். அதற்காக அவர்கள் அணுக்கள், அவற்றின் மாறும் பண்புகள் என்று நீண்ட ஆராய்ச்சி செய்தார்கள்.

இம்கான் வாதத்துக்கு அந்தச் சுமை இல்லை. உலகம் தொடக்கமே இல்லாமல் காலமெல்லாம் இருந்து வந்தது என்று ஒருவர் சொன்னாலும், "சரி, காலமெல்லாம் இருந்த அது மும்கினா, வாஜிபா?" என்று இந்த வாதம் கேட்கும். எவ்வளவு காலம் இருந்தாலும் மும்கின் மும்கின்தான். நீளம் கூடுவதால் தேவை தீராது. முஸ்லிம் இமாம்கள் உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று உறுதியாகச் சொன்னவர்கள்தான். ஆனால் இந்த வாதத்தை எடுக்கும்போது அதைத் துணைக்கு அழைக்கவில்லை.

இதை முதல்ல சொன்னது இப்னு ஸீனாதானே? தத்துவவாதிகளோட சரக்கை நம்ம இமாம்கள் ஏன் எடுத்தாங்க?

முழு வடிவில் கொடுத்தவர் இப்னு ஸீனா (980–1037) என்பது சரி. வேறு படைப்புகளைச் சாட்சியாக நிறுத்தாமல், "ஏதோ ஒன்று இருக்கிறது" என்பதிலிருந்தே தொடங்குவதை அவர் பெருமையாகக் கருதினார். ஆனால் அவர் வரைந்த படத்தில் உலகம் இறைவனிடமிருந்து தவிர்க்க முடியாமல் வழிந்து வருகிறது. அந்தப் பகுதியை இமாம்கள் ஏற்கவில்லை. இமாம் கஸ்ஸாலி (1058–1111) 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' எழுதியதற்கு ஒரு பெரிய காரணம் இதுதான்.

அதே நேரத்தில் கலாமுக்கு உள்ளிருந்தும் ஒரு பாதை இங்கே வந்து சேர்ந்தது. கஸ்ஸாலியின் ஆசிரியர் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (1028–1085), உலகம் இந்த அளவில், இந்த வடிவில், இந்த நேரத்தில் இருப்பதற்குப் பதிலாக வேறு விதமாகவும் இருந்திருக்கலாமே என்று கேட்டார். பல வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்து குறித்தவன் வேண்டும் என்பது அவர் முடிவு. பிறகு இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (இறப்பு 1210) இரண்டையும் ஒரே தட்டில் வைத்தார். பொருள்கள் மும்கினாக இருப்பது, பண்புகள் மும்கினாக இருப்பது, பொருள்கள் புதிதாக உண்டானது, பண்புகள் புதிதாக உண்டானது என்று நான்கு வழிகளாக அதைப் பிரித்துச் சொன்னார். இப்னு ஸீனாவிடமிருந்து வந்தது முதல் வழி. ஜுவைனியின் வழி இரண்டாவதற்குள் வரும். அவர்கள் வாதத்தை எடுத்துக்கொண்டார்கள், அதோடு ஒட்டி வந்த உலகப் படத்தைக் கழற்றி வைத்தார்கள். எனக்கு இது நேர்மையான வேலையாகவே தெரிகிறது.

ஒரு உதாரணத்தை வச்சுப் படிப்படியா காட்ட முடியுமா?

வாசலில் நிற்கும் ஒரு வேப்பமரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் படி: அந்த மரம் இருக்கிறது. இரண்டாவது படி: அது இல்லாமல் போயிருக்கலாம், ஆகவே மும்கின். மூன்றாவது படி: இருப்பும் இல்லாமையும் அதன் இயல்புக்கு ஒன்றுபோலத்தான், ஆகவே இருப்பின் பக்கம் சாய்த்த ஒன்று வெளியில் வேண்டும். அதை முரஜ்ஜிஹ் என்பார்கள். இங்கே 'விதை' என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் விதை அன்றைக்கே முடிந்துபோனது. மரம் இந்த நொடியில் மரமாக நிற்பதற்கு அதன் திசுக்கள், அந்தத் திசுக்கள் நிற்பதற்கு அவற்றின் மூலக்கூறுகள், அவை பிரியாமல் சேர்ந்திருப்பதற்கு அணுக்களும் அவற்றைப் பிணைக்கும் விசைகளும் என்று, இப்போதே நடந்துகொண்டிருக்கும் சார்பு ஒன்று இருக்கிறது. அந்த அடுக்கில் ஒவ்வொன்றையும் "இது இல்லாமல் போயிருக்க முடியுமா? வேறு மாதிரி இருந்திருக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் அதுவும் மும்கின்.

நான்காவது படிதான் வாதத்தின் நெஞ்சு. தனித்தனியாகத் தேடிக்கொண்டே போவதை நிறுத்திவிட்டு, மும்கின்கள் அத்தனையையும் ஒரே தொகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை முடிவுள்ளதோ முடிவில்லாததோ, பரவாயில்லை. இந்தத் தொகுதி வாஜிபா, மும்கினா? தன்னுடைய உறுப்புகள் இருந்தால்தான் தொகுதி இருக்கும், வேறொன்றை நாடி நிற்பது வாஜிபாக முடியாது. ஆகவே தொகுதியும் மும்கின், அதற்கும் ஒரு முரஜ்ஜிஹ் வேண்டும்.

அந்த முரஜ்ஜிஹ் தொகுதிக்கு உள்ளே இருக்குமா, வெளியே இருக்குமா? உள்ளே இருக்கும் ஒன்று முழுத் தொகுதிக்கும் இருப்பைக் கொடுத்தது என்றால், அது தனக்கும் இருப்பைக் கொடுத்துக்கொண்டதாகிவிடும். கொடுப்பதற்கு முதலில் அது இருந்திருக்க வேண்டுமே! ஆகவே அது வெளியே இருக்கிறது. மும்கின்கள் அனைத்துக்கும் வெளியே இருப்பது மும்கினாக இருக்க முடியாது. இருக்கவே முடியாத ஒன்றாகவும் இருக்க முடியாது. மிஞ்சுவது வாஜிபுல் வுஜூத்.

எல்லாத்துக்கும் காரணம் வேணும்னா அல்லாஹ்வுக்கும் காரணம் வேணும்ல?

"எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும்" என்று இந்த வாதம் எங்கேயும் சொல்லவில்லை. மேலே உள்ள மூன்றாவது படியைத் திரும்பப் பாருங்கள். மும்கினுக்குத்தான் காரணம் வேண்டும், அதுவும் இருப்பும் இல்லாமையும் அதற்குச் சமமாக இருப்பதால்தான். அந்தச் சமநிலையே இல்லாத இடத்தில் சாய்ப்பதற்கு எதுவும் இல்லை.

அல்லாஹ்வுக்குச் சலுகை கொடுத்து விதியிலிருந்து விலக்கு அளிப்பதாக நினைக்க வேண்டாம். விதி எதைப் பற்றியது என்பதிலேயே அவன் அடங்கவில்லை.

காரணங்கள் முடிவில்லாம பின்னாடி போய்க்கிட்டே இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?

கலாம் அறிஞர்கள் இதைத் தஸல்ஸுல் என்பார்கள். 'அ'வுக்கு 'ஆ' காரணம், 'ஆ'வுக்கு 'அ' காரணம் என்று வட்டமடிப்பது தவ்ர். வட்டம் எளிதில் விழுந்துவிடும், ஒன்று தனக்கே முந்தியிருக்க வேண்டிவரும். முடிவில்லாத் தொடர் சாத்தியமே இல்லை என்று காட்டவும் அவர்கள் தனியாக ஆதாரங்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெயர் பெற்றது 'புர்ஹானுத் தத்பீக்'. முடிவில்லாத் தொடர் ஒன்றையும், அதிலிருந்து சில கண்ணிகளை நீக்கிய இன்னொன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, குறைந்ததும் நிறைந்ததும் சமமாகிற அபத்தத்தைக் காட்டுவது அது. இன்றைய கணிதத்தில் முடிவிலித் தொகுதிகளைப் படித்தவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு முடிவிலித் தொகுதி தன் பகுதியோடு ஒன்றுக்கொன்று பொருந்துவது அங்கே வழக்கமான செய்தி.

நான் பொதுவாக அந்தச் சண்டைக்குள் போவதில்லை, போகவும் வேண்டாம். நான்காவது படியில் எண்ணிக்கை முடிவில்லாதது என்றே விட்டுக்கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகும் முடிவு வருகிறது. இப்னு ஸீனாவே தந்தை, பாட்டன் என்று காலத்தில் பின்னோக்கிப் போகும் வரிசை முடிவில்லாமல் இருப்பதை மறுக்கவில்லை. அவர் மறுத்தது ஒரே நேரத்தில் சேர்ந்து நின்று, ஒன்றுக்கொன்று இருப்பைக் கொடுக்கும் தொடரை. இமாம்கள் இரண்டையுமே மறுத்தார்கள்.

ஒவ்வொண்ணும் மும்கின்னா மொத்தமும் மும்கின்தான்னு எப்படிச் சொல்றீங்க? இது தர்க்கப் பிழை இல்லையா?

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் கனமானது இதுதான். மேற்கிலிருந்து வந்த புதுக் கேள்வி என்று நினைக்க வேண்டாம், கஸ்ஸாலியே தஹாஃபுதில் இதைக் கேட்டிருக்கிறார். வானக் கோளங்களின் ஒவ்வொரு சுற்றுக்கும் தொடக்கம் உண்டு, ஆனால் சுற்றுகளின் மொத்தத்துக்குத் தொடக்கம் இல்லை என்று தத்துவவாதிகளான நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, மொத்தத்துக்கு இல்லை என்று ஒருவன் சொன்னால் எப்படி மறுப்பீர்கள்? இதுதான் அவர் கேள்வி. கஸ்ஸாலிக்கு இறைவன் மேல் சந்தேகமில்லை. அந்தத் தத்துவவாதிகளின் கொள்கைகளை வைத்துக்கொண்டு இதை நிரூபிக்க முடியாது என்று காட்டுவதே அவர் நோக்கம்.

உறுப்பின் பண்பு மொத்தத்துக்கு எப்போதும் வராது என்பது உண்மை. ஒவ்வொரு செங்கலும் சின்னது என்பதால் சுவர் சின்னதாகிவிடாது. ஆனால் ஒவ்வொரு செங்கலும் மண்ணால் ஆனது என்றால் சுவரும் மண்ணால் ஆனதுதான். ஆகவே பொது விதி எந்தப் பக்கமும் கிடையாது, எந்தப் பண்பு என்று பார்க்க வேண்டும். இங்கே பண்பு 'இருப்புக்காகப் பிறிதை நாடுவது'. நான்காவது படி உறுப்பிலிருந்து மொத்தத்துக்குக் குருட்டுத்தனமாகத் தாவவில்லை. தொகுதிக்கு உறுப்புகளைத் தவிர்த்த சொந்த இருப்பு ஒன்றும் இல்லை என்பதிலிருந்து அது வாதிடுகிறது.

இங்கேயும் விடாமல் ஒருவர் கேட்கலாம்: ஒவ்வொன்றும் தனித்தனியே இல்லாமல் போகலாம், ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் இல்லாமல் போக முடியாது என்று இருந்தால்? நல்ல கேள்வி. அப்படி ஒரு கட்டாயம் இருந்தால் அது எங்கிருந்து வந்தது? உறுப்புகளில் எதற்கும் தன்னிடம் அந்தக் கட்டாயம் இல்லை. எதனிடமும் இல்லாதது சேர்ந்து நிற்பதால் மட்டும் முளைக்காது. வெளியிலிருந்து வந்தது என்றால், நாம் தேடுவதே அதுதான்.

ஒவ்வொரு பொருளுக்கும் முந்தின பொருளைக் காரணமாச் சொல்லியாச்சு. அதுக்கு மேல மொத்தத்துக்குன்னு தனிக் காரணம் எதுக்கு? உலகம் இருக்கு, அவ்வளவுதான்.

முதல் பாதியை 18-ம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் எழுப்பினார். இரண்டாவது பாதி 1948-ல் பிபிசி வானொலியில் பாதிரியார் காப்பிள்ஸ்டனுடன் நடந்த விவாதத்தில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எடுத்த நிலை. முதல் பாதிக்கு என் பதில் இது: ஒவ்வொன்றையும் முந்தியதைக் கொண்டு விளக்கும்போது, முந்தியது ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் விளக்குகிறோம். மும்கின் என்று ஒன்றாவது ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இன்னொரு மும்கினைக் காட்டினால், கேள்விக்குள் இருப்பதையே பதிலாகக் காட்டியதாகும்.

இரண்டாவது பாதி வேறு மாதிரியானது. அது முரஜ்ஜிஹ் வேண்டும் என்ற அடிப்படையையே இந்த ஓர் இடத்தில் மறுக்கிறது. சமமான இரண்டு பக்கங்களில் ஒன்று காரணமே இல்லாமல் மேலோங்குவது முடியாது என்பதை இமாம்கள் நிரூபணம் தேவைப்படாத அடிப்படை அறிவாக வைத்தார்கள். இமாம் ஸனூஸி (இறப்பு 1490) 'உம்முல் பராஹீன்' நூலில் இதைச் சுருக்கமாகச் சொல்கிறார்: உண்டாக்கியவன் இல்லாமல் உலகம் தானாக உண்டாகியிருந்தால், சமமாக இருக்கும் இரண்டில் ஒன்று தன் இணைக்குச் சமமாகவும் காரணமின்றி அதைவிட மேலோங்கியும் இருக்க வேண்டிவரும், அது முடியாதது. இதை ஒருவர் மறுத்தே தீருவேன் என்றால் வாதம் அவரிடம் நகராது. நான் அவரிடம் கேட்பது ஒன்றுதான்: மற்ற எல்லாவற்றிலும் காரணம் தேடுகிற நீங்கள், இந்த ஓர் இடத்தில் நிறுத்துவதற்கு என்ன காரணம்? மொத்தம் பெரிதாக இருப்பது காரணமாகாது. அது வாஜிப் என்பதால் நிறுத்துகிறேன் என்றால், அடுத்த கேள்விக்கு அடுத்ததைப் பாருங்கள்.

குவாண்டம் இயற்பியல்ல காரணமே இல்லாம துகள்கள் வருதாமே?

ஓர் அணுக்கரு இந்த நொடியில் ஏன் சிதைந்தது, அடுத்த நொடியில் ஏன் இல்லை என்பதற்கு முன்கூட்டியே தீர்மானிக்கும் காரணம் இல்லை என்பது குவாண்டம் கோட்பாட்டின் பரவலான விளக்கம். அதை அப்படியே வைத்துக்கொண்டாலும், அந்தக் கரு இருக்கிறது, அதன் அரை ஆயுள் அளந்து சொல்லும் அளவுக்கு நிலையாக இருக்கிறது, விதிகள் இருக்கின்றன. வெற்றிடத்தில் துகள் தோன்றுவதாகச் சொல்லும்போதும் அந்த வெற்றிடம் ஒன்றுமில்லாமை அல்ல, புலங்களும் ஆற்றலும் உள்ள ஒன்று. வேறு மாதிரி இருந்திருக்கக்கூடிய ஒன்று, அதாவது மும்கின்.

இங்கே கவனிக்க வேண்டியது: முரஜ்ஜிஹ் என்றால் முன்கூட்டியே தீர்மானித்துவிடும் இயந்திரக் காரணம் என்று அர்த்தமில்லை. அது கடைசிக் கேள்வியில் மறுபடி வரும்.

வாஜிபுல் வுஜூத்னு ஒண்ணு இருக்குன்னே வச்சுக்குவோம். அது பிரபஞ்சமாவோ ஏதோ ஒரு சக்தியாவோ இருக்கக் கூடாதா?

வாஜிப் என்ற சொல்லுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். அது எதையும் நாடாதது. பாகங்களால் ஆனது தன் பாகங்களை நாடும், ஆகவே அது வாஜிப் அல்ல. பிரபஞ்சம் பாகங்களால் ஆனது. இன்ன அளவு, இன்ன வெப்பம், இன்ன வடிவம் என்று வேறு விதமாக இருந்திருக்கக்கூடிய பண்புகள் உள்ளதும், அந்த அளவைக் குறித்துக் கொடுத்த ஒன்றை நாடும். ஜுவைனியின் வழி இங்கேதான் கைகொடுக்கிறது. 'சக்தி' என்று பொதுவாகச் சொல்பவர்களிடம், அது அளவும் மாற்றமும் உள்ளதா என்று கேட்க வேண்டும். இயற்பியல் சொல்லும் எந்த ஆற்றலும் அப்படித்தான்.

இரண்டு வாஜிப்கள் இருக்கலாமே என்பதற்கும் இதே வழியில் பதில் வரும். இரண்டும் வாஜிபாக இருப்பதில் ஒத்தும், இன்னொன்றில் வேறுபட்டும் இருந்தால், ஒவ்வொன்றும் ஒத்ததாலும் வேறுபட்டதாலும் ஆன கூட்டாகிவிடும். கஸ்ஸாலிக்கு இந்தப் பதில் போதவில்லை. இமாம்கள் ஏகத்துவத்துக்கு அதிகம் நம்பியது, வானங்களிலும் பூமியிலும் அல்லாஹ்வைத் தவிர வேறு தெய்வங்கள் இருந்தால் இரண்டும் சீர்குலைந்திருக்கும் என்ற 21:22 வசனத்தை ஒட்டிய வாதத்தைத்தான். இம்கான் வாதம் தனியாக நம்மை முழு அகீதாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. தொழுகையையும் தூதுத்துவத்தையும் அதிலிருந்து எடுக்க முடியாது. இப்னு தைமிய்யா (1263–1328) 'வாஜிபுல் வுஜூத்' என்ற பொதுக் கருத்து யாரைக் குறிக்கிறது என்று தானாகச் சொல்லாது என்றார். அதில் உண்மை இருக்கிறது.

ஒருதடவை படைச்சாச்சு. கட்டினவர் போனாலும் வீடு நிக்குதே, அது மாதிரி உலகமும் நிக்கக் கூடாதா?

கலாம் அறிஞர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்த இடம் இது. ஒன்று பிறிதை ஏன் நாடுகிறது? புதிதாக உண்டானதாலா, மும்கினாக இருப்பதாலா? உண்டானதால் மட்டும் என்றால், உண்டான பிறகு தேவை முடிந்துவிட்டது என்று ஒருவர் வாதிடலாம். மும்கினாக இருப்பதால் என்றால் தேவை ஒருபோதும் முடியாது, ஏனென்றால் உண்டான பிறகும் அது மும்கின்தான்.

வீட்டு உதாரணத்துக்கு இப்னு ஸீனாவின் பதில் கூர்மையானது. கொத்தனார் வீட்டின் இருப்புக்குக் காரணமே அல்ல, கற்கள் இடம் மாறியதற்குத்தான் காரணம். அவர் கை நின்றதும் அந்த அசைவும் நின்றது. வீடு நிற்பது கல்லும் சாந்தும் இந்த நொடியில் கொண்டிருக்கும் தன்மையால். அந்தத் தன்மையும் மும்கின், அதுவும் இந்த நொடியில் நாடிக்கொண்டிருக்கிறது. "மனிதர்களே, நீங்கள்தாம் அல்லாஹ்விடம் தேவையுடையவர்கள்" என்ற 35:15 வசனத்தை இந்தப் பார்வையோடு படிக்கும்போது, அது நேற்றைய படைப்பை மட்டும் பேசவில்லை என்பது தெரியும்.

அல்லாஹ் வாஜிப்னா அவன் செயலும் வாஜிப்தானே? அப்போ உலகமும் வாஜிப் ஆயிடுமே, வாதம் தன்னையே அழிச்சுக்குதே?

இப்னு ஸீனாவின் படத்தோடு நின்றால் இந்தக் கேள்வி உண்மையிலேயே கடிக்கும். முழுமையான காரணம் இருந்தால் விளைவு இருந்தே தீரும் என்பது அவர் நிலை. உலகம் தன்னளவில் மும்கின், இறைவனால் வாஜிப் என்று அவர் பிரித்துச் சொல்வார். வாதத்தைக் காப்பாற்ற அது போதும். ஆனால் உலகம் வேறு விதமாக இருந்திருக்கலாம் என்பது வெறும் பேச்சாகிவிடும்.

இமாம்கள் இங்கே வைத்தது நாட்டம், இராதா. கஸ்ஸாலி ஓர் உதாரணம் தருகிறார். பசியோடு இருப்பவன் முன்னால் எல்லா வகையிலும் ஒரேபோன்ற இரண்டு பேரீச்சம்பழங்கள் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. ஒன்றை மற்றதிலிருந்து வேறுபடுத்தும் காரணம் இல்லை என்பதற்காக அவன் பசியோடு உட்கார்ந்துகொண்டே இருப்பானா? ஒன்றை எடுப்பான். சமமானவற்றில் ஒன்றைக் குறிப்பதே நாட்டத்தின் இயல்பு. ஆகவே முரஜ்ஜிஹ் இருக்கிறது, அது நாடுபவன். ஆனால் அவன் இதைத்தான் நாடியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உலகம் மும்கினாகவே நிற்கிறது.

"அப்படியானால் நாட்டம் ஏன் இதைக் குறித்தது, அதற்கு ஒரு முரஜ்ஜிஹ் வேண்டாமா?" என்று தத்துவவாதிகள் திருப்பிக் கேட்டார்கள். அஷ்அரி இமாம்களின் பதில்: முடியாதது, காரணமே இல்லாமல் ஒரு பக்கம் மேலோங்குவது. தேர்ந்தெடுக்கும் ஒருவன் இரண்டு சமமானவற்றில் ஒன்றைத் தேர்வது அதுவல்ல, ஏனென்றால் அங்கே தேர்ந்தவன் இருக்கிறான். ராஸி இந்த இடத்தில் தன் நூல்களில் பல தடவை நின்று இரு பக்கமும் எடைபோட்டிருக்கிறார். மூன்றாவது படியில் சொன்ன முரஜ்ஜிஹை இயந்திரக் காரணம் என்று படித்தால் இந்தப் பதில் ஏமாற்றாகத் தெரியும். நாடிச் செயல்படுபவன் என்று படித்தால், வாதம் தொடங்கிய இடத்திலிருந்தே அது இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.